கூலிக்கு மருந்து அடிக்கும் ட்ரோன்: 25 கிலோ என்ற கோடு

கேள்வி: பாபநாசம் பக்கம் எனக்கு 15 மா, அதாவது ஐந்து ஏக்கர் நிலம் இருக்கிறது. வரும் குறுவைக்கு ஒரு தெளிப்பு ட்ரோன் வாங்கி, ஊர்க்காரர்களுக்கும் கூலிக்கு மருந்து அடிக்கலாம் என்று இருக்கிறேன். 10 லிட்டர் மெஷினைவிட 16 லிட்டர்தான் லாபம், பதிவையெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் விற்பவர். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், வயது 47. அண்ணன் மகனிடம் ட்ரோன் பைலட் சான்றிதழ் இருக்கிறது. அதை வைத்து நான் ஓட்டலாமா? போலீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று எங்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்?

பதில்:

ஓட்ட முடியாது. ஆனால் சொந்தக்காரராக இருக்கலாம், தொழிலும் நடத்தலாம். மெஷின் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும். ரிமோட் அண்ணன் மகன் கையில் இருக்கும். நீங்கள் மருந்து கலக்கலாம், எல்லை காட்டலாம், கணக்கு எழுதலாம். 2021 ட்ரோன் விதிகள் சொந்தக்காரரையும் பைலட்டையும் தனித்தனி ஆளாகவே பார்க்கின்றன. பைலட் சான்றிதழ் என்பது டிரைவிங் லைசென்ஸ் மாதிரி. வண்டி வீட்டில் நிற்கிறது என்பதற்காக வீட்டிலுள்ள எல்லோரும் ஓட்டிவிட முடியாதல்லவா?

நீங்களே ஓட்ட வேண்டுமென்றால் வயது தடையில்லை, 18 முதல் 65 வரை விதி இடம் தருகிறது. தடையாக இருப்பது பத்தாம் வகுப்பு. தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிறுவனம் ஒன்றில் சேரலாம். சிறிய வகை ட்ரோனுக்கு வழக்கமாக ஐந்து நாள் பயிற்சி. தேர்வில் தேறினால் அந்த நிறுவனத்தின் வழியாகவே சான்றிதழ் வரும். 10 ஆண்டு செல்லும். பாஸ்போர்ட் வேண்டும் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2023 திருத்தத்துக்குப் பிறகு வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவையே போதும்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் பணம் மாட்டிக்கொள்ளப் போகும் இடம் அதுதான். அண்ணன் மகனிடம் இருப்பது எந்த வகைச் சான்றிதழ்?

ட்ரோன்களை எடை வைத்துத்தான் பிரித்திருக்கிறார்கள். 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை சிறிய வகை. 25 கிலோவைத் தாண்டினால் 150 கிலோ வரை நடுத்தர வகை. இந்த எடை வெறும் மெஷினின் எடை அல்ல. பேட்டரி, டேங்க், நிறைந்த மருந்துத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து அது அதிகபட்சம் எவ்வளவு தூக்கிக்கொண்டு எழும்பலாம் என்று சான்றில் எழுதியிருக்கிறதோ அந்த எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பேட்டரியோடு 14, 15 கிலோ இருக்கும் மெஷினில் 10 லிட்டர் ஊற்றினால் 25 கிலோவைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். சந்தையில் பல 10 லிட்டர் மெஷின்களின் எடை 24 கிலோ சொச்சத்தில் முடிவது தற்செயலாக அல்ல. அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். 16 லிட்டர் மெஷினில் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. அதைத் தூக்குவதற்கு மெஷினின் சட்டகமும் மோட்டாரும் பேட்டரியும் பெரிதாக வேண்டும். பெரும்பாலும் அது நடுத்தர வகைக்குப் போய்விடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மன்னார்குடி பக்கம் எங்கள் வாடகை மையத்தில் முதலில் இருந்தது ஒரே ஒரு 10 லிட்டர் மெஷின். சம்பாவில் கூட்டம் தாங்கவில்லை என்று இரண்டாவதாகப் பெரிய டேங்க் மெஷின் ஒன்றை வாங்கினோம். விற்றவர் பெயர் வேண்டாம். மெஷின் வந்தது, பூஜையும் போட்டாகிவிட்டது. பதிவு எண் வந்த பிறகு எங்கள் பைலட் தன் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சான்றிதழில் சிறிய வகை, பதிவில் நடுத்தர வகை. அரை டேங்க் மட்டும் ஊற்றி ஓட்டினால் 25 கிலோவுக்குள் வந்துவிடுமே என்று விற்றவர் யோசனை சொன்னார். வராது. அன்றைக்கு எவ்வளவு ஊற்றினீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. சான்றில் உள்ள அதிகபட்ச எடைதான் கணக்கு. பைலட்டை மறுபடி பயிற்சிக்கு அனுப்பி நடுத்தர வகையைச் சேர்க்கும் வரை அந்த மெஷின் சாக்கு போர்த்தி மூலையில் கிடந்தது. தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் அண்ணன் மகனின் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். அதில் இரண்டு விவரங்கள் இருக்கும். ஒன்று, எந்த மாதிரி ட்ரோன் என்பது. தெளிப்பு ட்ரோன் சுழல் இறக்கை வகை. இறக்கை விரித்துப் பறக்கும் சர்வே மெஷினுக்கு வாங்கிய சான்றிதழ் இதற்கு உதவாது. இன்னொன்று, எடை வகை. சிறிய வகை என்றிருந்தால் 10 லிட்டரோடு நில்லுங்கள். அப்படியே அந்தச் சான்றிதழ் அரசுத் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தளத்தில் இல்லாத சான்றிதழ் செல்லாது. பயிற்சி முடித்த மறுநாள் கையில் கொடுக்கும் வண்ணத்தாளைச் சான்றிதழ் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

லாபக் கணக்கில்கூட 16 லிட்டர் அப்படி ஒன்றும் தூக்கிக்கொடுத்துவிடாது என்பது என் அனுபவம். நெல்லுக்கு ஏக்கருக்கு 8 முதல் 10 லிட்டர் கலவை. கைத்தெளிப்பானில் 200 லிட்டர் அடிப்பதற்குப் பதில் இது. அதாவது ஒரு டேங்க், ஒரு செட் பேட்டரி, மூன்று மா. நம் பக்கத்துத் துண்டு நிலங்களில் நேரம் பறப்பதில் போவதில்லை. வரப்பு மாறுவதிலும் பேட்டரி மாற்றுவதிலும்தான் போகிறது.

அடுத்து மெஷின். "பதிவெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறாரே, அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த மாடலுக்கு வகைச் சான்றிதழ் எண் என்ன? இது உங்கள் மெஷினுக்கு மட்டுமான சான்று அல்ல; அந்த மாடலுக்கு டிஜிசிஏ தருவது. அந்த எண் இருந்தால்தான் உங்கள் மெஷினுக்குத் தனி அடையாள எண் கிடைக்கும். யு.ஐ.என். என்று சொல்வது அதைத்தான். எண்ணைச் சொல்ல அவர் தயங்கினால் மேற்கொண்டு பேச எதுவுமில்லை. 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோன்களையும், பிரித்து அனுப்பி இங்கே பூட்டும் ட்ரோன்களையும் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புப் பயன்பாடு தவிர. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. அதனால் பாகங்களை வாங்கிக் கொட்டகையில் பூட்டி, நல்ல மெஷினின் பாதி விலைக்கு விற்கிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். சிலர் பில்லில் "மாதிரி விமானம்" என்று எழுதிக்கொடுப்பார்கள். மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அது படிப்பு, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டுமே. கூலி வாங்கி மருந்து அடிக்கும் நிமிடத்தில் அந்த விலக்கு போய்விடும்.

பதிவு எளிது. டி-2 படிவம், 100 ரூபாய் கட்டணம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று. முன்பு டிஜிட்டல் ஸ்கை தளத்தில் செய்தோம், இப்போது டிஜிசிஏவின் இ-ஜிசிஏ தளத்தில் செய்ய வேண்டும். விற்பவர் செய்து தரட்டும், தவறில்லை. ஆனால் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கைப்பேசி எண்ணில் இருக்கட்டும். அவர் எண்ணில் திறந்துவிட்டால் ஒவ்வொரு ரகசிய எண்ணுக்கும் அவரைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்தப் பதிவில் பலருக்குத் தெரியாத ஒரு முடிச்சு இருக்கிறது. அடையாள எண் மெஷினோடு மட்டும் கட்டப்படுவதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த மெஷின் வரிசை எண், உள்ளே இருக்கும் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகையின் வரிசை எண், ரிமோட்டின் வரிசை எண் ஆகிய மூன்றும் அதோடு சேர்த்துக் கட்டப்படுகின்றன. வயலில் முதலில் போவது எது தெரியுமா? ரிமோட்தான். சேற்றில் விழும், மருந்துக் கையோடு பிடித்துப் பிடித்துப் பொத்தான் ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரரின் ரிமோட்டை வாங்கி இணைத்துப் பறக்கவிட்டுவிடுவார்கள். அந்த நிமிடம் முதல் உங்கள் மெஷின் பதிவில் இருக்கும் மெஷின் அல்ல. ரிமோட்டையோ பலகையையோ மாற்றினால் 7 நாளுக்குள், அல்லது மறுபடி பறக்கவிடுவதற்கு முன், இதில் எது முந்துகிறதோ அதற்குள் தளத்தில் புது எண்ணை ஏற்ற வேண்டும். மெஷின் வந்த அன்றே மூன்று வரிசை எண்களையும் நோட்டில் எழுதி, தளத்தில் வந்த எண்களோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எங்கள் முதல் மெஷினில் ரிமோட் எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ என்ற எழுத்து ஏறியிருந்தது. ஒட்டுத்தாளை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

பழைய மெஷினை வாங்குவதென்றால் விற்றவர் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே பறக்கவிட வேண்டும். பில் இருந்தால் போதும் என்று விடாதீர்கள்.

அனுமதிக்கு வருவோம். அது ஆபீஸைப் பொறுத்தது அல்ல, வயல் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. digitalsky.dgca.gov.in தளத்தில் வான்பரப்பு வரைபடம் இருக்கிறது. வயலின் மேல் விரலை வைத்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டியதில்லை. மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு அனுமதி தர வேண்டும். கூலி வேலைக்கு அதை நம்பி இறங்க வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வட்டத்தில் பச்சையின் உயரம் 200 அடியாகக் குறைந்துவிடும்.

பாபநாசம் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து எட்டத்தில் இருப்பதால் உங்கள் சொந்த வயலில் இந்தத் தொல்லை வர வாய்ப்பில்லை. ஆனாலும் வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தொழில் சூடு பிடித்தால் வல்லம் பக்கமிருந்தும் ஆள் அழைக்கும், அங்கேதான் சிக்கல். 2020இல் சுகோய் போர் விமான அணி வந்து இறங்கிய தளம் அது, வல்லம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. "பயிருக்கு மேல் பத்து அடி உயரத்தில்தானே போகிறோம், விமானம் அவ்வளவு கீழேயா வரும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் சிவப்பு தரையிலிருந்தே தொடங்குகிறது. பத்து அடியும் சிவப்பு, ஒரு அடியும் சிவப்பு. திருச்சி விமான நிலையத்தைச் சுற்றியும் இதே கணக்குதான். அந்த ஊர்களிலிருந்து அழைப்பு வந்தால் நாங்கள் முதலில் புல எண் கேட்போம், விலை பேசுவது அதற்குப் பிறகுதான்.

பச்சை வயலும் ஒரு நாள் சிவப்பாகலாம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி ஒருவர் 96 மணி நேரம் வரை எந்தப் பகுதியையும் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க விதி இடம் தருகிறது. அமைச்சர் வருகை, பெரிய திருவிழா என்றால் அறிவிப்பு வரும். முந்தைய நாள் பச்சை என்று பார்த்து வைத்தது அன்றைக்குச் செல்லாது. தெளிக்கும் நாள் காலையில் வரைபடத்தை மறுபடி பாருங்கள், உள்ளூர் காவல் நிலையத்துக்கும் ஒரு போன் போடுங்கள். பச்சை மண்டலத்தில் போலீஸிடம் எழுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று ட்ரோன் விதிகளில் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அடையாள எண், பைலட் பெயர், எந்தெந்த ஊர் என்று எழுதி நிலையத்தில் கொடுத்து முத்திரை வாங்கிவைக்கிறோம். கலெக்டர் ஆபீஸுக்கு இதற்காக நாங்கள் போனதில்லை.

இவ்வளவும் வானத்துச் சட்டம். டேங்கில் பூச்சிமருந்து ஊற்றியதும் இன்னொரு சட்டம் சேர்ந்துகொள்கிறது. அதைத்தான் பயிற்சி நிலையங்கள் ஒரே பக்கத்தில் முடித்துவிடுகின்றன. 1971ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகளில் 43ஆவது விதி விமானத் தெளிப்புக்கு எழுதியது. 2021 டிசம்பரில் வேளாண் அமைச்சகம் ட்ரோன் தெளிப்புக்கு வெளியிட்ட நடைமுறையும் அதன் நிபந்தனைகளையே முன்வைத்தது. எல்லை குறிப்பது தெளிப்பவரின் பொறுப்பு. அங்கீகரித்த மருந்தை அங்கீகரித்த அடர்த்தியில் மட்டும் அடிக்க வேண்டும். கழுவவும் முதலுதவிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் முன்பே உரிய அதிகாரிகள் வழியாகப் பொதுமக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சம்பந்தமில்லாத ஆட்களும் கால்நடைகளும் குறிப்பிட்ட நேரம் வரை உள்ளே வரக் கூடாது.

இந்த 24 மணி நேரத்தை எப்படிச் செய்வது? நாளை காலை உங்கள் ஊரில் மூன்று பேர் வயலில், மொத்தம் 18 மா அடிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஏக்கர், ஆறு டேங்க். இன்று விடியற்காலைக்குள் புல எண்கள், மருந்தின் பெயர், நேரம் எழுதிய ஒரு தாள் வேளாண் உதவி அலுவலருக்கும் ஊராட்சிக்கும் போயிருக்க வேண்டும். பிரதியில் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஊர் வாட்ஸ்அப் குழு, கோயில் ஒலிபெருக்கி. அதோடு விடாமல் வாத்து மேய்ப்பவரையும் கிடை போட்டிருப்பவரையும் நேரில் தேடிப் பிடியுங்கள். அவர்கள் உங்கள் ஊர்க் குழுவில் இருக்க மாட்டார்கள். பக்கத்து அறுவடை வயலில் மேயும் வாத்துக் கூட்டம் ஈர வரப்பைத் தாண்டி வர ஐந்து நிமிடம் போதும். காலையில் வயலுக்கு நான்கு மூலையிலும் சிவப்புத் துணி கட்டிய குச்சி நடுங்கள். வாய்க்கால் கரையில் சோப்பும் இரண்டு குடம் சுத்தத் தண்ணீரும் இருக்கட்டும். கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விட வேண்டாம்.

உங்கள் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு. களைக்கொல்லி அடிக்கும்போது அதை ஒட்டிய வயலை எடுக்கவே வேண்டாம் என்பேன். ட்ரோன் துளி மிக நுண்ணியது. பேருக்கு வீசும் காற்றிலும் அடுத்த வேலிக்குப் போய்விடும். கொடிக்கால் சுருண்டால் கேட்கப்படும் நஷ்ட ஈடு உங்கள் ஒரு பருவக் கூலியை விழுங்கிவிடும்.

அதனால்தான் காப்பீட்டுத் தாளை வரிவரியாகப் படிக்கச் சொல்கிறேன். நானோ தவிர எல்லா ட்ரோனுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆனால் மெஷின் ஒருவர் தலையில் விழுவது வேறு, மருந்து காற்றில் போய் அடுத்தவர் பயிரைக் கெடுப்பது வேறு. இரண்டாவதும் அடங்குமா என்று ஏஜெண்டிடம் கேட்டு, அடங்கும் என்றால் அது எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் பைலட் தளத்தில் தெரிவிக்க வேண்டும். மின்கம்பியில் சிக்கிய மெஷினை இரவோடு இரவாக இறக்கிக்கொண்டு போனால் காப்பீட்டுக்காரரிடம் பிறகு பேச முடியாது.

விதி மீறலுக்கு அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

மருந்து விஷயத்தில் இன்னும் ஒன்று. விவசாயி வாங்கிவைத்த மருந்தை அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேனிலேயே மருந்து வைத்து, தெளிப்போடு சேர்த்து விலை போட்டு வாங்கினால் அது பூச்சிமருந்து விற்பனை. 1968 சட்டப்படி அதற்குத் தனி உரிமம் வேண்டும். டப்பாவின் லேபிளையும் தொகுதி எண்ணையும் அடிப்பதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துவைக்கிறோம். பயிர் காய்ந்துவிட்டது என்று ஒருவர் வந்து நின்றபோது அந்தப் படம்தான் கைகொடுத்தது. அவர் கொடுத்தது நெல்லுக்கு எழுதாத மருந்து.

விற்பவரிடம் நாளைக்கே போன் செய்து, 10 லிட்டர் மாடலின் வகைச் சான்றிதழையும், மெஷினில் எடை பொறித்திருக்கும் தகட்டின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். சான்றில் உள்ள அதிகபட்ச எடையும் தகட்டில் உள்ளதும் ஒன்றாக, 25க்குள் இருந்தால், அண்ணன் மகனையும் கூட்டிக்கொண்டு போய் முன்பணம் கொடுங்கள்.